ஹீலா என்று எழுதிய குப்பி

தமிழ்நாட்டில் ஏதோ ஒரு நகரத்தில், வாய்ப் புற்றுநோயை ஆராயும் ஆய்வுக்கூடம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள் ஒரு மாணவி. அவளுக்கும் அந்தக் கூடத்துக்கும் நான் பெயர் வைக்கவில்லை. இது கதை. ஆனால் அவள் செய்யும் சோதனைகள் நிஜமானவை. அவளைத் தூங்கவிடாமல் செய்த அந்த ஒற்றை எண்ணும் நிஜம்.

அந்தக் கூடத்தின் பெரிய சொத்து ஒரு செல் லைன். மனித உடலிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடிக் குடுவையில் ஊட்டச்சத்து நீர் ஊற்றி வளர்த்தால், பெரும்பாலானவை சில முறை பிரிந்துவிட்டு ஓய்ந்துவிடும். புற்றுக்கட்டியிலிருந்து எடுத்தவற்றில் எப்போதாவது ஒன்று மட்டும் நிற்காமல் பெருகிக்கொண்டே போகும். குடுவை நிறைந்ததும் அவற்றைப் பெயர்த்துப் புதுக் குடுவைகளுக்குப் பிரித்துவிட வேண்டும். இப்படி ஒவ்வொரு முறை மாற்றுவதையும் ஒரு ‘பாசேஜ்’ என்று எண்ணிக்கொண்டு வருவார்கள். இந்தக் கூடத்தில் அப்படித் தப்பிப் பிழைத்தது, கன்னத்தின் உட்புறம் புற்று வந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஓர் ஆணின் செல்கள். நோயாளிப் பட்டியலில் அவர் 41-வது ஆள் என்பதால் செல்களுக்கும் ‘41’ என்றே பெயர். “41-ஐப் பிரிச்சாச்சா?”, “41-க்கு மீடியா மாத்தினியா?” என்றுதான் அங்கே பேச்சு ஓடும்.

41-ஐ வைத்து அவர்கள் கண்டது புதுமையான முடிவு. நம் நாட்டில் வாய்ப் புற்றுக்குப் பெரும்பாலும் காரணம் புகையிலையும் பாக்கும். ஆனால் இந்த நோயாளி இரண்டையும் தொட்டதில்லை. அவருடைய செல்களைச் சோதித்தபோது, கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸின் 18-ஆம் வகை உள்ளே இருந்தது. அந்த வைரஸ் ஈ6 என்றொரு புரதத்தைச் செய்யும். நம் செல்களில் பி53 என்று ஒரு காவல் புரதம் உண்டு. செல் கெட்டுப்போனால் அதைச் சாகச் சொல்வது அதன் வேலை. ஈ6 அதைப் பிடித்து அழித்துவிடுகிறது. ஆய்வுக்கூடத்தார் 41-இல் ஈ6-ஐ அடக்கினார்கள். பி53 திரும்பி வந்தது, செல்கள் செத்தன. புகையிலை தொடாதவர்களின் வாய்ப் புற்றுக்கு இந்த வைரஸ் காரணமாக இருக்கலாம், அதற்கு இப்படி ஒரு வைத்தியமும் இருக்கலாம் என்று கட்டுரை வந்தது. அதைக் காட்டி அடுத்த ஐந்து ஆண்டுக்கு நிதியும் வந்தது.

மாணவிக்குக் கொடுத்த முதல் வேலை எளியது. மருத்துவமனையில் அந்த நோயாளியின் கட்டித் துண்டை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். அதை ‘பிளாக்’ என்பார்கள். அதிலிருந்து மெல்லிய சீவல் எடுத்து, டி.என்.ஏ.வைப் பிரித்து, வைரஸ் அங்கேயும் இருப்பதைக் காட்டிவிட்டால் போதும். அடுத்த கட்டுரைக்கு ஒரு படம் தயார்.

வைரஸ் வரவில்லை. மூன்று முறை செய்தாள், மூன்று முறையும் இல்லை.

வழிகாட்டிப் பேராசிரியை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்ன காரணமும் நியாயமானதுதான். ஃபார்மலினில் ஊறிய திசுவில் டி.என்.ஏ. சின்னச் சின்னத் துண்டுகளாக உடைந்து கிடக்கும். தேடுகிற பகுதி உடைந்த இடத்தில் விழுந்தால், இருந்தும் இல்லாததுபோலத் தெரியும். அதனால் அவள் இன்னொன்று செய்தாள். அதே சீவலில், வைரஸுக்குத் தேடியதைவிட நீளமான ஒரு மனித மரபணுத் துண்டைத் தேடினாள். அது பளிச்சென்று வந்தது. நீளமான துண்டே உடையாமல் கிடைக்கிறது என்றால், அதைவிடக் குட்டையான வைரஸ் துண்டு கிடைக்காததற்கு டி.என்.ஏ. கெட்டுப்போனதைக் காரணம் சொல்ல முடியாது.

அன்று மாலை அவள் பழைய நோட்டுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். செல் வளர்ப்பு நோட்டு என்பது யாரும் திரும்பிப் படிக்காத நோட்டு. தேதி, பாசேஜ் எண், எத்தனை நாளில் குடுவை நிறைந்தது என்பதுதான் அதில் இருக்கும். 41-இன் பக்கத்தில் ஐந்தாம் பாசேஜுக்கு 9 நாள், ஆறாவதுக்கு 11, ஏழாவதுக்கு 10. எட்டாவதில் நான்கு குப்பிகளாகப் பிரித்து உறையவைத்திருக்கிறார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு குப்பியை உருக்கி வளர்த்தபோது 3 நாள். அடுத்ததும் 3 நாள். பக்கத்திலேயே யாரோ சந்தோஷமாக எழுதியிருந்தார்கள்: ‘வளர்ச்சி அபாரம்!!’

அவள் அந்த இரண்டு ஆச்சரியக்குறிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடுவை வாழ்க்கைக்குப் பழகிய செல்கள் வேகம் பிடிப்பது உண்டுதான். ஆனால் அது பல பாசேஜ்களில் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும். உறைந்து கிடந்த இரண்டு மாதத்தில் எந்தச் செல்லும் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

வேகமாக வளரும், உள்ளே எச்.பி.வி. 18 இருக்கும், பி53 மரபணு கெடாமல் இருந்தும் புரதம் மட்டும் குறைந்திருக்கும். இந்த மூன்றும் சேர்ந்த ஒரு செல் உலகம் முழுக்க எல்லாருக்கும் தெரியும். அதன் பெயர் ஹீலா.

1951-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து, அவரிடம் கேட்காமலே எடுத்த செல்கள் அவை. அவர் அந்த ஆண்டே இறந்துபோனார். செல்கள் ஏறத்தாழ நாளுக்கு ஒரு முறை இரட்டித்துக்கொண்டு இன்னமும் வளர்கின்றன. அவற்றில் எச்.பி.வி. 18 இருப்பதை 1980-களின் நடுவில் கண்டது ஜெர்மனியில் ஹரால்ட் சூர் ஹவுசனின் குழு. புற்றுக்கும் அந்த வைரஸுக்கும் உள்ள உறவைக் கண்டதற்காக 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஹீலா அடுத்த வீட்டுக்குள் புகுவது புதிதல்ல. 1966-இலேயே ஸ்டான்லி கார்ட்லர் என்ற அமெரிக்க மரபியலாளர், தனித்தனி ஆட்களிடமிருந்து எடுத்ததாக நம்பப்பட்ட 18 செல் லைன்களைச் சோதித்தார். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மட்டுமே பெரும்பாலும் காணப்படும் ஒரு நொதி வகை அத்தனையிலும் இருந்தது. எல்லாமே ஹீலாவாக மாறிப்போயிருக்கின்றன என்று அவர் கூட்டத்தில் எழுந்து சொன்னபோது பலருக்குக் கோபம்தான் வந்தது. நம் கதைக்கு இன்னும் நெருக்கமானது ‘கேபி’ என்ற செல் லைன். 1950-களில் ஓர் ஆணின் வாய்ப் புற்றிலிருந்து வந்தது என்று பதிவாகி, பிறகு ஹீலா என்று தெரியவந்தது. இவ்வளவுக்குப் பிறகும் அதை வாய்ப் புற்றுச் செல் என்று எழுதிய கட்டுரைகள் வந்துகொண்டே இருந்தன. இதை எழுதும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தக் கட்டுரைகளை நம்பி அடுத்த சோதனையைத் தொடங்குவது இவளைப் போல ஒரு மாணவிதான்.

முதலில் அவள் செலவில்லாத சோதனையைச் செய்தாள். நோயாளி ஆண். ஆணின் செல்லில் ஒய் குரோமோசோம் இருக்க வேண்டும். 41-இல் இல்லை. ஆனால் இதை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும். ஆண்களின் புற்றுச்செல்கள் பல நேரம் ஒய் குரோமோசோமைத் தொலைத்துவிடும். இருந்திருந்தால் ‘இது ஹீலா அல்ல’ என்று நிம்மதியாகப் போயிருக்கலாம். இல்லாமல் போனதால் எதுவும் நிரூபணம் ஆகவில்லை.

அதற்குத்தான் எஸ்.டி.ஆர். சோதனை. குற்றவாளியை அடையாளம் காணக் காவல்துறைக்குச் செய்து தரும் அதே சோதனை. நம் டி.என்.ஏ.வில் சில இடங்களில் நான்கெழுத்துக் கோவை ஒன்று திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று ஒவ்வோர் இடத்திலும் நமக்கு இரண்டு எண்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒரே எண். எட்டு இடங்களை எண்ணிப் பார்த்தாலே பெரும்பாலும் ஆள் யார் என்று தெரிந்துவிடும். இப்போது இன்னும் அதிக இடங்களைப் பார்க்கிறார்கள். செல்களை ஒரு தனி அட்டையில் சொட்டுவிட்டு, காயவைத்து, தபாலில் அனுப்பினால் போதும். சில ஆயிரம் ரூபாயில் முடியும் வேலை. அந்தக் கூடத்தில் அதை யாரும் செய்ததில்லை. சொந்தமாக எடுத்து வளர்த்த செல்லுக்கு அடையாளச் சோதனை எதற்கு என்று இருந்துவிட்டார்கள்.

அவள் இரண்டு அட்டைகள் அனுப்பினாள். ஒன்று 41 செல்கள். இன்னொன்று மெழுகு பிளாக்கிலிருந்து எடுத்த டி.என்.ஏ.

அறிக்கை வந்ததும் அவள் கண் முதலில் போனது டி13எஸ்317 என்ற இடத்துக்கு. 41-க்கு நேரே 12 என்றும் 13.3 என்றும் இருந்தது. 13.3 என்றால் நான்கெழுத்துக் கோவை 13 முறை முழுதாக வந்து, அதன்பின் மூன்றெழுத்து மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மிக அபூர்வமான எண் அது. ஹீலாவின் மச்சம் என்றே சொல்லலாம். மற்ற இடங்களையும் விரல் வைத்துப் பார்த்தாள். டி.எச்.01-இல் 7 மட்டும். டிபாக்ஸில் 8, 12. விடபிள்யூஏ-வில் 16, 18. ஹீலாவுக்குப் பொதுப் பதிவேட்டில் இந்த எட்டு இடங்களுக்கு மொத்தம் 15 எண்கள் உண்டு. 41-இல் 14 இருந்தன. டி5எஸ்818-இல் 11, 12 இருக்க வேண்டிய இடத்தில் 11 மட்டும் இருந்தது. குடுவையில் பல ஆண்டு வாழும் புற்றுச்செல்கள் இப்படி ஒன்றிரண்டை உதிர்ப்பது சகஜம். அதனால்தான் 80 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் ஒரே மூலம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 15-இல் 14 என்றால் 93 சதவீதம். மெழுகு பிளாக்கில் இருந்தவருக்கும் ஹீலாவுக்கும் ஐந்து எண்கள்தான் ஒத்துப்போயின. முன்பின் தெரியாத இருவருக்கிடையே தற்செயலாக அவ்வளவு ஒற்றுமை இருக்கத்தான் செய்யும்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தாள். மூன்றாம் நாள் அறைக் கதவைத் தட்டினாள்.

“மேடம், ஒரு விஷயம் சொல்லணும்.”

“சொல்லும்மா.”

“41 நம்ம பேஷன்ட்டோட செல் இல்ல மேடம். ஹீலா.”

பேராசிரியை அறிக்கையை வாங்கிப் பார்த்தார். 13.3-க்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும்.

“எந்தக் குடுவையிலிருந்து அனுப்பின?”

“இப்ப ஓடுறதுல இருந்துதான்.”

“அப்போ இது சமீபத்துல கலந்ததா இருக்கலாம்ல? அந்தப் பேப்பர் வந்தப்ப சரியா இருந்திருக்கலாம்ல?”

கேள்வி நியாயமானது. தப்பித்துக்கொள்ளக் கேட்டது என்று நான் நினைக்கவில்லை. செல் கூடங்களில் அதிகம் நடப்பது கலப்படம்தான். ஒரே நாளில் இரண்டு செல் லைன்களைக் கையாளும்போது, ஊட்டச்சத்து நீர்ப் புட்டியில் ஒரு துளி பட்டாலும் போதும். 10 நாளுக்கு ஒரு முறை பிரியும் செல்களுக்கு நடுவே நாளுக்கு ஒரு முறை இரட்டிக்கும் செல் ஒன்று விழுந்தால், சில பாசேஜ்களில் குடுவை முழுக்க அதுதான் இருக்கும். அப்படி நடந்திருந்தால் பழைய சோதனைகள் பிழைக்க வாய்ப்புண்டு.

இதைப் பிரித்தறிய ஒரே வழி, எட்டாம் பாசேஜில் உறையவைத்த நான்கு குப்பிகளில் மிச்சமிருந்த கடைசிக் குப்பி. அதை வளர்க்காமல், உருக்கிய கையோடு அட்டையில் சொட்டுவிட்டு அனுப்பினாள். கலப்படம் என்றால் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு ஆட்களின் எண்கள் சேர்ந்து, மூன்று நான்கு எண்களாக வர வேண்டும். வந்தது இரண்டே இரண்டு. கலப்பே இல்லாத சுத்தமான ஹீலா. ஏழாம் பாசேஜில் 10 நாள் எடுத்துக்கொண்ட செல்கள், எட்டாம் பாசேஜில் குப்பிக்குள் போகும்போது முழு ஹீலாவாக மாறியிருக்க முடியாது. செல் மாறவில்லை. குப்பிதான் மாறியிருக்கிறது.

அந்தச் செய்தியோடு வெளிநாட்டில் இருக்கும் சீனியருக்குப் போன் செய்தாள். ஈ6-ஐ அடக்கும் சோதனைகளை மூன்று ஆண்டு உட்கார்ந்து செய்தவர் அவர்தான்.

“நான் பண்ணினது எல்லாம் சரியாத்தானே வந்துச்சு? எத்தனை தடவை ரிப்பீட் பண்ணியிருக்கேன் தெரியுமா?” என்று கேட்டார் சீனியர்.

“எல்லாமே சரிதான் அக்கா. ஹீலாவுல அப்படித்தான் வரும்.”

மறுமுனையில் நெடுநேரம் சத்தமே இல்லை.

இந்தக் கதையில் என்னை மிகவும் தொந்தரவு செய்யும் இடம் இதுதான். கை தவறினால் முடிவுகள் கலங்கும், ஒரு முறை வந்தது மறுமுறை வராது, அப்போது பிழை தெரிந்துவிடும் என்று நினைக்கிறோம். லேபிள் தவறினால் எதுவும் கலங்குவதில்லை. ஒரே குப்பியிலிருந்து பத்து முறை செய்தாலும் பத்து முறையும் அதே விடை அழகாக வரும். திரும்பச் செய்து பார்ப்பதால் இந்தப் பிழை வெளிப்படாது. வேறொரு மூலத்திலிருந்து வந்த பொருள் உள்ளே நுழையும்போதுதான் வெளிப்படும். இங்கே அது மெழுகு பிளாக்.

அமெரிக்காவில் 2002-இல் அப்படித்தான் நடந்தது. எக்ஸ்டசி என்ற போதைப் பொருள் சில வேளை கொடுத்தாலே குரங்குகளின் மூளையில் டோபமைன் நரம்புகள் பழுதாகின்றன என்று ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்து பெரிதாகப் பேசப்பட்டது. அதே குழு புதிதாக வாங்கிய மருந்தில் சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு வரவில்லை. காரணத்தைத் தேடிப் போனவர்கள், முதல் சோதனையில் இறந்து உறைநிலையில் வைத்திருந்த விலங்கின் மூளையை ஆராய்ந்தார்கள். அதில் எக்ஸ்டசி இல்லை, மெத்தாம்ஃபெட்டமின் இருந்தது. இரண்டு புட்டிகளின் லேபிள்கள் இடம் மாறியிருந்தன என்ற முடிவுக்கு வந்து, 2003-இல் அவர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். பழைய புட்டி தீராமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை முறை அதே தவறான விடை சரியாக வந்திருக்குமோ!

நம் மாணவிக்கு இப்போது ஒரு கேள்வி மிச்சம். 41 என்று எழுதிய குப்பியில் ஹீலா இருந்தால், 41 எங்கே போனது?

உறைவுப் பதிவேட்டில் அந்தத் தேதியைத் தேடினாள். அன்று இரண்டு செல் லைன்களை உறையவைத்திருக்கிறார்கள். 41 நான்கு குப்பி, ஹீலா நான்கு குப்பி. செல்களைச் சட்டென்று குளிரவைத்தால் உள்ளே பனி ஊசிகள் உருவாகிக் கிழித்துவிடும். அதனால் குப்பிகளை ஆல்கஹால் ஊற்றிய பிளாஸ்டிக் டப்பாவின் துளைகளில் செருகி, மைனஸ் 80 பாகை உறைபெட்டியில் ஓரிரவு வைப்பார்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் குளிரும். மறுநாள் எடுத்து, மைனஸ் 196 பாகையில் இருக்கும் திரவ நைட்ரஜனுக்கு மாற்றுவார்கள். அந்த மறுநாள் வரியில், வேறு மையில், ஒரு குறிப்பு இருந்தது. ‘8 குப்பி. டேப் நனைந்து உரிந்துவிட்டது. மறுபடி ஒட்டினேன்.’

காகித டேப்பில் மார்க்கரால் எழுதுவது பல கூடங்களில் வழக்கம். ஆல்கஹால் பட்டால் பசையும் போகும், மையும் போகும். எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். எந்தத் துளையில் எது இருந்தது என்று நினைவிலிருந்து ஒட்டியிருப்பார், வரிசை தலைகீழாகிப் போயிருக்கும். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டிருந்தால் இன்றுவரை யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

ஹீலாவின் பக்கத்தைப் புரட்டினாள். இரண்டு ஆண்டுகளில் மூன்று பேர் அந்தக் குப்பிகளை எடுத்திருக்கிறார்கள். ‘ஆறு நாளாகியும் ஒட்டல் குறைவு. கொட்டியாச்சு.’ ‘குப்பி சரியில்லை.’ ‘வளரவில்லை, புதிது வாங்க வேண்டும்.’ மூன்று கையெழுத்துகள். வேகத்துக்குப் பேர்போன ஹீலா ஏன் இவ்வளவு மந்தம் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அதேபோல 41 ஏன் இவ்வளவு வேகம் என்றும் ஒருவரும் யோசிக்கவில்லை. நான்கில் மூன்று போக, ஒன்று மிச்சம்.

பேராசிரியை இதழுக்குக் கடிதம் எழுதி முடிக்க ஒரு வாரம் ஆனது. திருத்தம் போட்டால் போதாதா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். ஒரு படத்திலோ அட்டவணையிலோ பிழை என்றால் திருத்தம் போதும். கட்டுரையின் தலைப்பிலேயே ‘வாய்ப் புற்று’ என்று இருக்கிறது, அதற்குள் வாயே இல்லை. முழுதாகத் திரும்பப் பெறுவதைத் தவிர வேறு வழியில்லை. குப்பி மாறிய நாளுக்குப் பிறகு 41-ஐத் தொட்டு வந்த இன்னொரு கட்டுரையும் அதோடு போனது. சீனியருக்கு அவரே போன் செய்து, ஆய்வேட்டைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்குத் தானே விளக்கம் தருவதாகச் சொன்னார். நிதி கொடுத்தவர்களுக்கும் எழுதினார்.

கடிதம் போன மறுநாள் காலை, ஹீலா என்று எழுதியிருந்த அந்தக் கடைசிக் குப்பியை மாணவி நைட்ரஜன் கலனிலிருந்து எடுத்தாள். 37 பாகை நீரில் பிடித்து, உள்ளே கடைசிப் பனித்துளி கரையும்வரை ஆட்டினாள். ஒரு பாதுகாப்புக்காகக் கொஞ்சத்தை அட்டையில் சொட்டுவிட்டு, மீதியைச் சிறிய குடுவையில் ஊற்றினாள். மூன்றாம் நாள் பெரும்பாலான செல்கள் செத்து மிதந்தன. ஐந்தாம் நாள் ஒரு மூலையில் சின்னத் திட்டு ஒன்று அடியில் ஒட்டியிருந்தது. அதைக் கொட்டிவிடத் தோன்றாதவள் அந்தக் கூடத்தில் அவள்தான் முதல் ஆள்.

எட்டாம் நாள் அறிக்கை வந்தது. பிளாக்கில் இருந்தவரின் எண்கள் ஒன்று விடாமல் அப்படியே இருந்தன. எச்.பி.வி. சோதனையும் செய்தாள். இல்லை.

பேராசிரியை தினமும் மாலையில் வந்து நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுப் போவார். குடுவை நிறைந்த அன்று வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

“எத்தனை நாள் ஆச்சு?”

“பதினொண்ணு மேடம்.”

அவரே நோட்டை இழுத்து, பேனாவை எடுத்து, ஒன்பதாம் பாசேஜ் என்று போட்டு, பக்கத்தில் 11 என்று எழுதினார்.